மொட்டைமாடி சோலார் தொழில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்கு சோலார் மாட்டித் தரும் தொழில் தொடங்கப் போகிறேன். 30 சதவீதம் லாபம் நிற்கும் என்கிறார்களே? (அம்பாசமுத்திரம்)

சொன்னவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். 3 கிலோவாட் வேலை ஒன்றை 2 லட்சத்துக்குப் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 9 சதவீதம், அது போகக் கையில் 1,84,000. மானியத்துக்குத் தகுதியான உள்நாட்டு செல் பேனல் ஆறு, சுமார் 83,000. இன்வெர்ட்டர் 25,000, ஸ்ட்ரக்சர் 25,000. கேபிள், எர்த்திங், இடிதாங்கி, பெட்டிகள் எல்லாம் 18,000. ஆள்கூலி, வண்டி, நெட் மீட்டர் அலைச்சல் 14,000. மிச்சம் 19,000, அதாவது 10 சதவீதம். அதிலும் ஐந்து வருஷ சர்வீஸுக்கு 6,000 எடுத்து வைக்க வேண்டும். பிடித்துக் கொடுத்தவருக்கு கமிஷன் கேட்டால் அதுவும் இதற்குள்தான். விலையெல்லாம் தோராயம், உங்கள் டீலரிடம் கேட்டு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

5 கிலோவாட் போட்டால் மானியம் எவ்வளவு? (வள்ளியூர்)

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் அதே 78,000. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. கடை என்றால் அதுவும் இல்லை.

மானியத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் தருகிறேன் என்கிறார் வாடிக்கையாளர். ஒத்துக்கொள்ளலாமா? (மேலப்பாளையம்)

கூடாது. மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, உங்களுக்கு அல்ல. அதுவும் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்து, போர்ட்டலில் ஏற்றிய பிறகு. மின்கட்டண ரசீதில் இருக்கும் பெயரும் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னும் இழுக்கும். நம் பக்கம் பாதி வீடுகளில் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான். பத்து வீட்டுக்கு இப்படிச் செய்தால் உங்கள் பணம் 7,80,000 வெளியே நிற்கும். பணம் இல்லை என்பவருக்கு இந்தத் திட்டத்தில் பிணையில்லாத வங்கிக் கடன் இருக்கிறது. அதைக் காட்டுங்கள்.

போட்டிக்காரர் '25 வருஷம் முழு வாரண்டி' என்று நோட்டீஸ் அடிக்கிறார். நானும் அப்படியே போடலாமா? (தென்காசி)

இந்த நோட்டீஸைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எந்த 25 வருஷம்? பேனலின் உற்பத்தித் திறன், 25 வருஷ முடிவில் சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று தயாரிப்பாளர் தருவது ஒன்று. பேனலின் பொருள் குறைக்கு வாரண்டி வேறு, பெரும்பாலும் 12 வருஷம். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10. இவை மூன்றும் கம்பெனி தரும் வாக்கு. கழற்றும் கூலி, வண்டி வாடகை, திரும்ப மாட்டும் கூலி அதில் பெரும்பாலும் சேராது. தேங்காய் விழுந்து கண்ணாடி உடைந்தாலோ, பாபநாசம் பக்கம் குரங்கு கேபிளைப் பிய்த்தாலோ கம்பெனி வராது. 'முழு வாரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் வர வேண்டும்.

நீங்கள் உண்மையில் பொறுப்பேற்க வேண்டியது ஸ்ட்ரக்சர், எர்த்திங், தட்டட்டியில் போட்ட துளை. உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு சீக்கிரமே பொரிந்துவிடும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது மட்டும் போடுங்கள். துளையைச் சரியாக அடைக்கவில்லை என்றால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் ஒழுகும். அந்த போன் உங்களுக்குத்தான் வரும்.

'உற்பத்தி குறைந்துவிட்டது' என்று புகார் வந்தால் உடனே பேனலைக் குறை சொல்லாதீர்கள். இன்வெர்ட்டர் ஆப்பில் போன வருஷம் இதே மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தூசியும் புதிதாக வளர்ந்த முருங்கை நிழலும்தான் பெரும்பாலும் காரணம். நடுப்பகலில் மட்டும் உற்பத்தி அறுந்து அறுந்து வந்தால் லைன் வோல்டேஜைப் பாருங்கள். அது வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அது வாரண்டி விஷயமே அல்ல.

ஆகவே கொட்டேஷனில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட்டு, யார் தருவது, எத்தனை வருஷம், கூலி யாருடையது என்று எழுதுங்கள். மானியத் திட்டத்தில் ஐந்து வருஷப் பராமரிப்பு எப்படியும் உங்கள் தலையில்தான். மறுபடி சொல்கிறேன்: ஒரு வீட்டுக்கு 6,000 தனிக் கணக்கில் போடுங்கள், தொடாதீர்கள்.

எத்தனை ஆளை நிரந்தரமாக வைப்பது? (எந்த ஊர், மாதம் எத்தனை வேலை, ஒன்றும் எழுதவில்லை)

விவரமே இல்லாமல் என்ன பதில் சொல்ல? பொதுவாகச் சொல்கிறேன். கோடை பில் கையில் வந்ததும்தான் விசாரணை குவியும், சித்திரை, வைகாசியில். ஆடியில் காற்றும் அடிக்கும், நல்ல காரியம் தொடங்கவும் தயங்குவார்கள். அந்தக் காற்றில் ஆளை விட்டுப் பேனலைத் தூக்க வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் மறுபடி தயக்கம். ஆக, வருஷத்தில் நான்கு மாதம் மந்தம். ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு உதவியாள் நிரந்தரம், மற்றவர்கள் வேலைக்கு ஏற்ற கூலி. மந்த மாதங்களில் சர்வீஸ் சுற்றும் பழைய வீடுகளின் பெயர் மாற்ற வேலையும் பாருங்கள். பங்குனியில் பேனலை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள், விலை இறங்கினால் நட்டம் உங்களுக்கு.