‘எங்களிடம் வரவில்லை’ என்று திரும்பி வரும் பக் ரிப்போர்ட்

கேள்வி: பி.காம். முடித்து, ஒரு பில்லிங் மென்பொருள் கம்பெனியின் சப்போர்ட் பிரிவில் மூன்று வருடம் இருந்தேன். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாக மேனுவல் டெஸ்டிங் செய்து பார்க்கிறேன். ஒரு தளத்தில் சேர்ந்து 11 பக் அனுப்பினேன். மூன்றை ‘டூப்ளிகேட்’ என்றும், ஐந்தை ‘எங்களிடம் வரவில்லை’ என்றும் தள்ளிவிட்டார்கள். தனியாக வேலை கேட்டால் போர்ட்ஃபோலியோ எங்கே என்கிறார்கள். எப்படி எழுதுவது, எதைக் காட்டுவது?
– வாசகி, விருதுநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டூப்ளிகேட் ஆன மூன்றையும் பற்றி வருந்த வேண்டாம். நீங்கள் பார்த்தது உண்மையான பக்தான், இன்னொருவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். இனிமேல் எழுத உட்காரும் முன் அந்த டெஸ்டில் ஏற்கெனவே பதிவான பக் பட்டியலை ஒரு தடவை தேடிப் பாருங்கள். எல்லோரும் முதலில் தட்டிப் பார்க்கும் லாகின் பக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு மூன்று திரை உள்ளே போய்த் தொடங்குங்கள்.

‘எங்களிடம் வரவில்லை’ என்ற ஐந்துதான் முக்கியம். அந்த ஐந்திலும் நீங்கள் கண்ட கோளாறு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதை இன்னொருவர் தன் கம்ப்யூட்டரில் வரவழைத்துப் பார்ப்பதற்கு வேண்டிய ஏதோ ஒன்று ரிப்போர்ட்டில் விடுபட்டிருக்கும்.

எனக்கே நடந்தது இது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு இன்வாய்ஸ் மென்பொருளில் தேதி போட்டால் தவறு என்று காட்டியது. ‘இன்வாய்ஸ் தேதியை ஏற்க மறுக்கிறது’ என்று எழுதி அனுப்பினேன். டெவலப்பர் முயன்று பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஏற்கிறது என்று மூடிவிட்டார். நான் திரும்பத் திறந்தேன், அவர் திரும்ப மூடினார். இரண்டு நாள் கழித்து அவர் மேசைக்கே போய் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் போட்டது 13/04. அவர் போட்டது 05/04. அந்த மென்பொருள் முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொண்டிருந்தது. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் என்னுடையதைத் தள்ளியது. அவருடையதை ஏற்றது, ஆனால் ஏப்ரல் 5 என்பதை மே 4 என்று சேமித்துவைத்தது. உண்மையான பக் அதுதான். 13 முதல் 31 வரையான தேதிகளில் ஒரு எச்சரிக்கையாவது வந்தது. 12ஆம் தேதி வரை கணக்கு சத்தமில்லாமல் தப்பாகிக்கொண்டிருந்தது. ‘13/04 என்று போட்டேன்’ என்ற ஒரு வரி என் ரிப்போர்ட்டில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். 5, 12, 13 என்று மூன்று தேதிகளை நானே போட்டுப் பார்த்திருந்தால் காரணமே தெரிந்திருக்கும்.

பில்லிங் மென்பொருள் சப்போர்ட்டில் இருந்தவர் நீங்கள். ‘சார், பில் வரமாட்டேங்குது’ என்று போன் வந்தால் எந்தத் திரை, எந்தப் பில், என்ன போட்டீர்கள், திரையில் என்ன எழுத்து வந்தது என்று எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்கள்! அந்தக் கேள்விகளுக்கெல்லாம் கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுவதுதான் நல்ல பக் ரிப்போர்ட்.

சரி, ஒன்றைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம். www.saucedemo.com என்பது பயிற்சிக்காகவே வைத்திருக்கும் ஒரு போலிக் கடை. லாகின் பக்கத்திலேயே பயனர் பெயர்களும் கடவுச்சொல்லும் இருக்கும். `problem_user` என்ற பெயரிலும் `secret_sauce` என்ற கடவுச்சொல்லிலும் உள்ளே போனால், வேண்டுமென்றே வைத்த கோளாறுகள் பல கண்ணில் படும். ஒரு பொருளைக் கூடையில் போட்டு, முகவரிப் பக்கம் வரை போனால் அங்கே தகவலை நிரப்பித் தாண்டவே முடியாது. அவசரத்தில் எழுதுபவர் ‘செக்அவுட் வேலை செய்யவில்லை’ என்று எழுதுவார். அதைப் படிப்பவர் தன் வழக்கமான கணக்கில் நுழைந்து பார்ப்பார், எல்லாம் ஒழுங்காக ஓடும், ‘எங்களிடம் வரவில்லை’ என்று மூடிவிடுவார்.

நீங்கள் அங்கேயே நின்று, எந்தக் கட்டத்தில் என்ன ஆகிறது என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். `First Name` கட்டத்தில் Meena என்று அடித்தால் சரியாக விழுகிறது. `Last Name` கட்டத்தில் Ravi என்று அடித்தால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அதே நேரம் மேலே இருந்த Meena மறைந்து, கடைசியாக அடித்த i மட்டும் அங்கே நிற்கிறது. அப்புறம் `standard_user` கணக்கில் நுழைந்து அதையே செய்யுங்கள். கோளாறு வராது. இன்னொரு பிரௌசரிலும் ஒருமுறை பாருங்கள். இப்போது எழுதினால் இப்படி வரும். வேலையில் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருக்கும், அமைப்பு தெரியட்டும் என்று தமிழில் தருகிறேன்.

தலைப்பு: செக்அவுட் – `Last Name` கட்டத்தில் அடிப்பது `First Name` கட்டத்தில் விழுகிறது; ஆர்டரைத் தொடர முடியவில்லை (`problem_user`)

செய்த படிகள்:
1. `problem_user` ஆக லாகின் செய்தேன்.
2. Sauce Labs Backpack பொருளில் `Add to cart` அழுத்தினேன்.
3. கூடையைத் திறந்து `Checkout` அழுத்தினேன்.
4. `First Name` கட்டத்தில் Meena என்றும், `Last Name` கட்டத்தில் Ravi என்றும் அடித்தேன்.
5. அஞ்சல் குறியீடு 626001 போட்டு `Continue` அழுத்தினேன்.

நடந்தது: `Last Name` காலியாக இருந்தது. `First Name` கட்டத்தில் i மட்டும் இருந்தது. `Error: Last Name is required` என்ற செய்தி வந்தது.

நடந்திருக்க வேண்டியது: இரண்டு பெயரும் அவற்றின் கட்டத்தில் நின்று, அடுத்த பக்கம் திறக்க வேண்டும்.

கூடுதல்: ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் வந்தது. `standard_user` கணக்கில் வரவில்லை.

இதன் கீழே பிரௌசரின் பெயரும் பதிப்பு எண்ணும், விண்டோஸா ஆண்ட்ராய்டா என்பதும், இருபது நொடி ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் போதும். வீடியோ இருக்கிறதே என்று படிகளை விட்டுவிடாதீர்கள். டெவலப்பர் படிகளை வரிசையாகச் செய்துபார்ப்பார், சந்தேகம் வந்தால்தான் வீடியோவைத் திறப்பார். தலைப்பையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். எங்கே, என்ன செய்தால், என்ன ஆகிறது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நூறு பக் உள்ள பட்டியலில் தலைப்பு மட்டும்தான் தெரியும். ‘அவசரம்’, ‘உடனே கவனிக்கவும்’ போன்ற சொற்கள் வேண்டாம். எவ்வளவு தீவிரம் என்பதை ‘வேறு எந்த வழியிலும் ஆர்டரை முடிக்க முடியவில்லை’ என்ற உண்மையே சொல்லிவிடும். காரணத்தை ஊகித்தும் எழுதாதீர்கள். ‘டேட்டாபேஸ் பிரச்சினையாக இருக்கலாம்’ என்று எழுதினால், அவர் அதன் பின்னால் போய் ஒரு நாளை வீணாக்குவார்.

அனுப்பும் முன் நான் இன்றும் செய்யும் ஒரு சோதனை உண்டு. வீட்டில் யாரிடமாவது படிகளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார்களோ, அந்த இடத்தில்தான் ஒரு வரி குறைகிறது.

போர்ட்ஃபோலியோவுக்கு வருகிறேன். நீங்கள் சேர்ந்த தளத்தில் கண்டுபிடித்த பக் எதையும் அதில் போட வேண்டாம். அங்கே சேரும்போது ரகசியம் காக்க ஒப்புக்கொண்டிருப்பீர்கள். வெளிவராத ஒரு ஆப்பின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினால், பார்க்கும் கிளையண்ட் ‘நாளை என்னுடையதையும் இப்படித்தான் காட்டுவார்’ என்றுதான் நினைப்பார். மேலே எழுதிய பயிற்சிக் கடை பக்குகளும் உங்களுக்குக் கைப்பழக்கம் தரும், அவ்வளவுதான். அவற்றை எல்லோரும் காட்டுகிறார்கள்.

என் ஆலோசனை லிப்ரே ஆபீஸ். அது ஓப்பன் சோர்ஸ், அதன் பக் பட்டியல் bugs.documentfoundation.org என்ற முகவரியில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. வேலைக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று உருவாக்கி அங்கே கணக்குத் தொடங்குங்கள். புதிதாக வரும் பக் `UNCONFIRMED` என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் தன் கம்ப்யூட்டரில் அதை வரவழைத்துப் பார்த்து உறுதிசெய்தால் `NEW` ஆகும். அந்த ‘வேறொருவர்’ நீங்களாக இருக்கலாம், அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸில் கடிதம், கட்டுரை எழுதும் பகுதியான ரைட்டரில் வந்த ஒன்றை எடுத்து, எழுதியவரின் படிகளை அப்படியே செய்யுங்கள். வந்ததா வரவில்லையா என்று பதிப்பு விவரத்தோடு கருத்திடுங்கள். `Help > About LibreOffice` திரையில் அந்த விவரத்தை அப்படியே நகலெடுக்கலாம். `Help > Restart in Safe Mode` வழியாகத் திறந்து பார்த்தால், கோளாறு மென்பொருளிலா, அந்த ஒரு கம்ப்யூட்டரின் அமைப்பிலா என்பதும் பிரியும். பிறர் எழுதிய பத்துப் பதினைந்து ரிப்போர்ட்டுகளை இப்படிச் செய்துபார்த்தால், எந்த வரி இல்லாமல் நாம் திண்டாடுகிறோம் என்பது கைக்கே தெரிந்துவிடும். உங்களுடைய அந்த ஐந்தும் ஏன் திரும்பி வந்தன என்பதும் அப்போது விளங்கும்.

அதன்பின் உங்கள் சொந்தக் கண்டுபிடிப்புகள். இங்கே தமிழ் உங்களுக்குப் பெரிய பலம். ‘மீனாட்சிசுந்தரம்’ நமக்கு ஒன்பது எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பதினாறு, ஏனென்றால் யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. பெயருக்குப் பதினைந்து என்று வரம்பு வைத்த கட்டத்தில் அடித்தால் கடைசிப் புள்ளி விழுந்து ‘மீனாட்சிசுந்தரம’ என்று நிற்கும். தமிழ் தெரியாத டெஸ்டர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். இது போலத் தேடல், நகலெடுப்பது, பிடிஎஃப் ஆக்குவது ஆகியவற்றில் தமிழைக் கொடுத்துப் பாருங்கள். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளாக எடுத்துக்கொள்வது நல்லது. அனுமதி இல்லாமல் யாருடைய கடைத் தளத்திலும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடாதீர்கள், அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கடைசியில் ஒரே ஒரு பக்கம் போதும். பொதுவில் இருக்கும் உங்கள் நான்கைந்து ரிப்போர்ட்டுகளின் இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே அது இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்ற ஒரு வரி. அதோடு, ஒரு மணி நேரம் ஒரு பகுதியைச் சோதித்த குறிப்பு ஒன்று: எதையெல்லாம் பார்த்தேன், என்னென்ன தரவு போட்டேன், எதைப் பார்க்கவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை ஒளிக்காமல் எழுதுங்கள். நான் ஆள் எடுக்கும்போது முதலில் படிப்பது அதைத்தான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறவர், பார்த்தேன் என்று எழுதினால் நம்பி வேலை கொடுக்கலாம்.