ரெஸ்யூம் எங்கே நின்றது?

கேள்வி: சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஆறு வருட அனுபவம். இரண்டு மாதத்தில் ஏழு ரெக்ரூட்டர்கள் போனில் பேசினார்கள். எல்லோரும் "அப்டேட் பண்றேன்" என்றார்கள், அதோடு சரி. என் ரெஸ்யூம் அந்த வேலைக்குப் பொருந்துகிறதா என்று அவர்களிடமே கேட்டால் தவறாக நினைப்பார்களா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "என் ரெஸ்யூம் சரியா இருக்கா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. "என் ரெஸ்யூம் எந்த இடத்தில் நின்றது?" என்று கேளுங்கள்.

ஏழு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், வேலைவாய்ப்புத் தளத்தில் தேடுகிறவர் கண்ணில் உங்கள் ரெஸ்யூம் படுகிறது. செலினியம், ஜாவா என்று தேடுகிறார்கள், அந்தச் சொற்கள் உங்களிடம் இருக்கின்றன, போன் வருகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். பல சமயம் ரெக்ரூட்டரே போனிலேயே முடிவு செய்துவிடுகிறார். கம்பெனிக்கு 30 நாளில் ஆள் வேண்டும், உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்றாலோ, நீங்கள் சொன்ன சம்பளம் அவர்கள் பட்ஜெட்டைத் தாண்டினாலோ, ரெஸ்யூம் அவர் மேஜையை விட்டு நகராது. அதைத் தாண்டிப் போனால், ஆள் கேட்ட டீமின் மேனேஜர் படிப்பார். ரெக்ரூட்டர் சொற்களைப் பார்க்கிறார், மேனேஜர் புராஜெக்ட்டுகளைப் படிக்கிறார். இந்த இரண்டு இடங்களில் எங்கே நின்றது என்று தெரியாமல் ரெஸ்யூமைத் திருத்துவது வீண் வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கும் இதுதான் நடந்தது. மொத்தம் 6 வருடம். அதில் முதல் மூன்றரை வருடம் மேனுவல் டெஸ்டிங், கடைசி இரண்டரை வருடம் ஆட்டோமேஷன். ரெஸ்யூமின் உச்சியில் '6 வருட அனுபவம்' என்றும், அதன் கீழே செலினியம் என்றும் இருந்தது. "ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?" என்று போனில் கேட்டபோதெல்லாம் ஆறு என்றே சொல்லியிருக்கிறாள். ஆட்டோமேஷனில் 4 வருடம் கேட்ட இடங்களுக்கு ரெஸ்யூம் போனது. மேனேஜர் புராஜெக்ட்டுகளைப் படித்தார், கணக்கு இடித்தது, ஓரம் கட்டிவிட்டார். மூன்று ரெக்ரூட்டர்களிடம் அவள் விசாரித்தபோது இரண்டு பேர், "ஆட்டோமேஷன் கம்மின்னு கிளையன்ட் சொன்னாங்க" என்றார்கள். பிறகு 'மொத்தம் 6, ஆட்டோமேஷன் 2.5' என்று மேலேயே எழுதினாள். ஒவ்வொரு புராஜெக்ட்டின் கீழும் எந்தப் பகுதிக்குத் தானே ஸ்கிரிப்ட் எழுதினாள் என்பதைச் சேர்த்தாள். அதன் பிறகு அழைப்புகள் குறைந்தன. வந்த அழைப்புகள் இன்டர்வியூ வரை போயின.

கேட்கும் நேரமும் முக்கியம். போனை வைப்பதற்கு முன்பே, "இந்த வேலைக்கு என் ரெஸ்யூமில் எது குறைவாகத் தெரியுது? எந்தத் தேதிக்குள்ள முடிவு தெரியும்?" என்று கேட்டுவிடுங்கள். அப்போது ரெஸ்யூம் அவர் முன்னால் திறந்திருக்கும், பதிலும் எளிதாக வரும். அவர் சொன்ன நாள் தாண்டி இரண்டு மூன்று வேலை நாள் கழித்து, பேசிய தேதியையும் வேலையின் பெயரையும் குறிப்பிட்டு நாலு வரி அனுப்புங்கள்: என் புரொஃபைல் கிளையன்ட்டுக்குப் போனதா? போயிருந்தால், அனுபவம், சம்பளம், நோட்டீஸ் பீரியட் இவற்றில் எது பொருந்தவில்லை? ஒரே வார்த்தையில் சொன்னாலும் போதும். இப்படி மூன்றைக் கொடுத்துக் கேட்டால், நாளுக்கு எத்தனையோ பேரிடம் பேசுகிற ஒருவரால் பஸ்ஸில் போகும்போதுகூடப் பதில் போட முடியும். "ஏன் என்னை ரிஜெக்ட் பண்ணீங்க?" என்று கேட்டால் பதில் எழுதவே தயங்குவார். மீண்டும் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கன்சல்டன்சி மூலம் வந்த அழைப்பாக இருந்தால், காரணம் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கிளையன்ட்டிடமிருந்து பல நேரம் 'ரிஜெக்ட்' என்ற ஒரு சொல்தான் அவருக்கு வரும். 'பொசிஷன் ஹோல்ட்' என்பதும் எப்போதும் சாக்கு அல்ல. உள்ளேயே ஆளை மாற்றிவிட்டு வேலையை மூடிவிடுகிற கம்பெனிகள் உண்டு. அதனால் ஒருவர் சொன்னதும் ரெஸ்யூமைப் பிரித்துப் போடாதீர்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் திருத்துங்கள்.

கிளையன்ட் யார் என்பதையும் ரெஸ்யூம் அனுப்பச் சம்மதிக்கும் முன்பே கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சிகள் உங்களை அனுப்பினால், டூப்ளிகேட் என்று கம்பெனி தள்ளிவிடலாம். உங்கள் ஏழில் ஒன்றிரண்டு அப்படியும் நின்றிருக்கலாம்.