க்ரீம் போட்டால் அடங்கி, விட்டால் திரும்பும் அரிப்பு

"எனக்கு வயது 56. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகப் பிறப்புறுப்பில் வெளிப்பக்கம் அரிப்பு, ராத்திரியில் தூக்கம் போகிறது. வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கிறது. லேசாகச் சொறிந்தாலே தோல் கிழிந்து ரத்தம் கசிகிறது. மருந்துக் கடையில் கொடுக்கும் க்ரீம் போட்டால் ஒரு வாரம் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். சுகர் டெஸ்ட் எடுத்தேன், இல்லை. வெண்புள்ளியா, புற்றுநோயா என்று பயமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை."

அம்மா, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற தோல் நோய்தான். உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவதாகக் கருதப்படுகிறது. இது கிருமியால் வருவதல்ல. உங்கள் கணவரிடமிருந்து வந்ததும் இல்லை, உங்களிடமிருந்து அவருக்கு ஒட்டவும் ஒட்டாது. சுத்தக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பூஞ்சைத் தொற்று என்று நினைத்துத்தான் கடையில் க்ரீம் கொடுத்திருப்பார்கள். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு, சர்க்கரை நோயும் இல்லாமல், ஹார்மோன் மருந்தும் எடுக்காமல் இருக்கும் பெண்ணுக்கு அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வருவது அபூர்வம். ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்ட இடத்தில் அந்தப் பூஞ்சை எளிதாக வளராது. அதனால் உங்கள் வயதில் அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த க்ரீமுக்குப் போகும் முன் ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

அப்படியென்றால் கடை க்ரீமில் ஒரு வாரம் எப்படி அடங்கியது? டியூபில் என்னென்ன மருந்து என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி ஆகியவற்றோடு பெரும்பாலும் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். உங்கள் அரிப்பை அடக்கியது அந்த ஸ்டீராய்டு. ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவதால் உள்ளே இருக்கும் அழற்சி அப்படியே தங்கிவிடுகிறது. கூடவே இருக்கும் மற்ற மருந்துகள் உங்களுக்குத் தேவையில்லை. சிலருக்கு அவையே ஒவ்வாமையாகி எரிச்சலைக் கூட்டிவிடும். இந்தக் கலவை க்ரீம்களை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வெண்புள்ளி என்றால் நிறம் மட்டும்தான் போகும். தோல் வழக்கம்போல் மிருதுவாக இருக்கும், அவ்வளவாக அரிக்காது, கிழியாது. லைக்கன் ஸ்கிளீரோசஸில் தோலின் தன்மையே மாறுகிறது. ஒரு கைக்கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பகுதி வெங்காயச் சருகு போல மெலிந்து, சுருங்கி, லேசாக மினுங்கும். அங்கங்கே ரத்தம் கட்டிய செம்புள்ளிகள், மெல்லிய வெடிப்புகள் தெரியலாம். பலருக்கு அந்த வெண்மை கீழிறங்கி ஆசனவாயையும் சுற்றி வளைத்திருக்கும். நாளானால் உள் இதழ்கள் மெலிந்து ஒட்டிப்போய் மறையும், மேலே மொட்டு போல இருக்கும் சிறு உறுப்பை மூடிய தோல் ஒட்டிக்கொள்ளும், யோனி வாசல் குறுகும். ஒட்டிப்போனதை எந்த மருந்தும் பிரிக்காது. தள்ளிப்போட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

சேலத்துக்கு இறங்கும்போது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ மகப்பேறு பிரிவுக்கோ போங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "அரிப்பு" என்று மட்டும் சொன்னால் பார்க்காமலே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. "வெள்ளையாக இருக்கிறது, தோல் கிழிகிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லிப் பரிசோதனை மேசையில் படுத்துவிடுங்கள். அனுபவமுள்ளவர் பார்த்தே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தாலோ, ஓரிடம் தடித்து இருந்தாலோ, மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர் அளவு தோலை எடுத்துச் சோதிப்பார்கள். சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதால் அந்த ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள்.

நோய் இதுதான் என்று உறுதியானால், மருந்து அதே குளோபெட்டசால்தான், ஆனால் தனியாக, 0.05 சதவீத ஆயின்ட்மென்டாக. வழக்கமான முறை இது: முதல் மாதம் தினமும் இரவு ஒரு முறை, இரண்டாம் மாதம் ஒன்று விட்டு ஒரு இரவு, மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். ஒரு இரவுக்கு அது போதும். மூன்று மாதத்தில் 53 முறை, அதாவது சுமார் 27 கிராம். ஆக 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதம் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள். மூன்று மாதம் கழித்தும் பாதி மிச்சமிருந்தால் பயந்து பயந்து போடுகிறீர்கள்.

இந்த இரண்டாவது தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். மருந்தோடு வரும் தாளில் "பிறப்புறுப்பில் போடக் கூடாது, தோல் மெலியும்" என்று படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். உங்கள் தோலை மெலிய வைப்பது இந்த நோய். வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும், சொன்ன அளவில் போட்டால் தோல் தேறும். யோனியின் உள்ளே போட வேண்டாம். தொடை இடுக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் அரிப்பு அடங்கும், வெடிப்புகள் ஆறும். வெள்ளை நிறம் முழுதாகப் போகாமல் போகலாம், அதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். தோல் மிருதுவாகிறதா என்று பாருங்கள். அரிப்பு நின்றதும் மருந்தை விட்டுவிடவும் வேண்டாம். இது முழுதாகக் குணமாகிற நோய் இல்லை, அடக்கி வைக்கலாம். பலருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் வாரம் ஒன்றிரண்டு முறை தொடர வேண்டியிருக்கும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், இந்தத் தோலுக்கும் கர்ப்பப்பைக்கும் தொடர்பில்லை.

சோப்பு, டெட்டால், மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர் எதுவும் அங்கே வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். காலையில் மேட்டில் ஏறி வேலைக்குப் போகும் முன் மணமில்லாத வாசலின் கொஞ்சம் தடவிக்கொண்டால் துணி உரசலும் சிறுநீர் எரிச்சலும் குறையும். இரவில் மருந்துக்கும் வாசலினுக்கும் அரைமணி நேரம் இடைவெளி விடுங்கள். வெடிப்பு ஆறும் வரை தாம்பத்தியம் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள், இது ஒட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

புற்றுநோய் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய் உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது வருகிறது. ஒழுங்காக ஆயின்ட்மென்ட் போட்டு வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் குறைகிறது. அரிப்பு இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். மாதம் ஒரு முறை கண்ணாடியில் நீங்களும் பாருங்கள். கெட்டியான கட்டி, தடித்த மேடு, மருந்து போட்டும் சில வாரங்களில் ஆறாத புண் என்று எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அந்த வாரமே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். போகும்போது இதுவரை தடவிய டியூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.