குன்னூர் வீடு: பத்திரச் செலவுக்கு எவ்வளவு வேண்டும்?

"குன்னூரில் 40 லட்சத்துக்கு வீடு பேசியிருக்கிறோம். வங்கி 80 சதவீதம் தரும். கையில் 9 லட்சம் இருக்கிறது, போதுமா?"

போதாதுங்க. வங்கி தருவது 32 லட்சம், உங்கள் பங்கு 8 லட்சம். அப்புறம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3.6 லட்சம். மொத்தம் 11.6 லட்சம் ரொக்கம் வேண்டும், 2.6 லட்சம் குறைகிறது. அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 40 லட்சத்தைத் தாண்டினால் தீர்வை அதன் மேல்தான்.

இந்தப் பத்திரச் செலவை ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தரமாட்டார்கள். 10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும் விலக்கு. அதனால் குறைகிற 2.6 லட்சத்துக்குத் தனிநபர் கடன் எடுத்தால், 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு மாதம் சுமார் 8,900 ரூபாய். வீட்டுக் கடன் அனுமதியாகும் முன்பே எடுத்துவிடாதீர்கள், அந்தத் தவணையைக் கழித்துத்தான் உங்கள் தகுதியைப் பார்ப்பார்கள். வீட்டில் நகை இருந்தால் அடகு வைப்பதே மேல் என்பேன்.

முன்பணம் கொடுக்கும் முன் வங்கி மதிப்பீட்டைக் கேட்டுவிடுங்கள். கோத்தகிரியில் நான் வாங்கியபோது, வரைபடத்தில் இல்லாத தகரக் கூரை அறையை மதிப்பீட்டாளர் சேர்க்கவே இல்லை. உங்கள் வீட்டை 38 லட்சம் என்று போட்டால் கடன் 30.4 லட்சம்தான், பற்றாக்குறை 4.2 லட்சமாகிவிடும்.