உடைகிற போல்ட்டுக்கு விலை கூடிய போல்ட்தான் தீர்வா?

கேள்வி: இயந்திரத்தின் தாங்கியைப் பிடித்திருக்கும் எம்10 போல்ட் (8.8 தரம்) சில மாதங்களுக்கு ஒருமுறை உடைகிறது. கடையில் அதைவிட வலுவான 12.9 தரம் வாங்கச் சொல்கிறார்கள். இன்னொருவர், "நன்றாக இறுக்கினாலே போதும்" என்கிறார். ஏற்கெனவே இழுபடுகிற போல்ட்டை மேலும் இறுக்கினால் சீக்கிரம் உடையாதா?

பதில்: உடையாது. இந்த இடத்தில் இரண்டாமவர் சொல்வதுதான் சரி.

இறுக்கிய போல்ட் இழுபட்ட ஸ்பிரிங் மாதிரி. அது பிடித்திருக்கும் தகடுகள் அமுங்கிய ஸ்பிரிங் மாதிரி. வெளிச்சுமை தகடுகளைப் பிரிக்கப் பார்க்கும்போது போல்ட் ஒரு இம்மி நீள்கிறது, தகடுகளின் அமுக்கமும் அதே இம்மி தளர்கிறது. ஆனால் தகடுகள் போல்ட்டைவிடப் பல மடங்கு விறைப்பானவை. அதனால் சுமையின் பெரும்பகுதி அமுக்கத்தைக் குறைப்பதிலேயே செலவாகிவிடும். போல்ட்டுக்குப் போவது மிச்சம்தான்.

உங்கள் தகடுகள் நான்கு மடங்கு விறைப்பானவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு போல்ட்டின் மீதும் வெளிச்சுமை 0 முதல் 10 கிலோநியூட்டன் வரை, அதாவது சுமார் ஒரு டன் வரை, ஏறி இறங்குகிறது. போல்ட் தளர்வாக இருந்தால் அந்த 10-ம் அதன் தலையில்தான். மரையின் குறுக்குப்பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். தகைவு நடுமதிப்பிலிருந்து மேலும் கீழும் சுமார் 86 மெகாபாஸ்கல் ஆடும். இந்த அளவு மரை ஏறக்குறைய 50 வரைதான் முடிவில்லாமல் தாங்கும்.

அதையே 25 கிலோநியூட்டனுக்கு இறுக்குங்கள். இப்போது போல்ட்டின் விசை 25-க்கும் 27-க்கும் இடையில் மட்டும் ஆடுகிறது. ஆட்டம் 17 மெகாபாஸ்கல்தான். மொத்த விசை கூடியது உண்மை, ஆனால் மரையில் விரிசலை வளர்ப்பது பெரும்பாலும் ஆட்டமே.

இது தகடுகள் ஒட்டியிருக்கும் வரைதான். இறுக்கம் 2 கிலோநியூட்டனாகக் குறைந்துவிட்டால், சுமை 2.5-ஐத் தாண்டியதும் தகடுகள் பிரிந்துவிடும். அப்புறம் முழுச் சுமையும் போல்ட்டில்தான். ஆட்டம் 69-க்கு ஏறிவிடும். நடுவில் மென்மையான கேஸ்கெட் இருந்தாலும் தொல்லைதான்: விறைப்பும் போகும், நாளடைவில் இறுக்கமும் போகும்.

12.9 போல்ட்டின் மரை இந்த ஆட்டத்தை அதிகம் தாங்கிவிடாது. இன்னும் கூடுதலாக இறுக்க இடம் தரும், அவ்வளவுதான். பழைய அளவுக்கே இறுக்கினால் காசுதான் வீண். அந்தப் பணத்தில் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். எண்ணெய் படாத மரைக்கு 50 நியூட்டன் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய அந்த 25 கிடைக்கும். எண்ணெய் பூசிவிட்டு அதே 50 வைத்தால் விசை 33 கிலோநியூட்டன் வரை போய், 8.8-இன் எல்லையை முட்டும். அப்போது 38 நியூட்டன் மீட்டர் போதும்.

உடைந்த துண்டையும் பாருங்கள். நட்டுக்குள் நுழையும் முதல் மரையில் உடைந்து, முறிவில் கடற்கரை அலைத்தடம் போன்ற வளைகோடுகள் இருந்தால், அது களைப்பு முறிவு. தகடு சேரும் இடத்தில் செந்நிறத் தூள் இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. இறுக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம்.