‘16 ஜிபி ரேம்’ என்று போட்டிருந்தால், கீழே உள்ள அட்டவணையையும் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு ஆன்லைனில் போன் வாங்க வேண்டும். ஒன்று 2,999 ராண்ட்: 16 ஜிபி ரேம், 256 ஜிபி, 108 மெகாபிக்சல் ஏஐ கேமரா. இன்னொன்று 3,399 ராண்ட்: 6 ஜிபி, 128 ஜிபி, 50 மெகாபிக்சல். விலை குறைந்ததில்தான் எல்லாமே அதிகமாக இருக்கிறது. அதையே வாங்கலாமா? இரண்டு விளம்பரங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வேண்டாம், 3,399 ராண்ட் போனையே வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் போனின் பக்கத்தில் கீழே இறங்கினால் விவர அட்டவணை வரும். அதில் ரேம் என்ற இடத்தில் ‘4 GB + 12 GB’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. செயலிகள் ஓடும் இடமான உண்மையான ரேம் அந்த நான்குதான். மீதிப் பன்னிரண்டு, படங்கள் சேமிக்கும் இடத்திலிருந்து கடன் வாங்கியது. ரேமில் இடம் நிறைந்ததும், ஓரமாகக் கிடக்கும் செயலிகளின் தரவைப் போன் அங்கே தள்ளிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால் வாட்ஸ்அப்பிலிருந்து வங்கிச் செயலிக்குப் போய்விட்டுத் திரும்பினால், திரை ஒரு கணம் நின்றுதான் நகரும். இரண்டாவது போனில் கூட்டல் குறியே இல்லை. அதன் 6 ஜிபி முழுவதும் நிஜமான ரேம்.

கடன் வாங்கும் அந்தச் சேமிப்பகம் எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது போனில் UFS 2.2 என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். முதலாவதில் 256 ஜிபி என்று பெரிதாக எழுதிவிட்டு, வகையைச் சொல்லவே இல்லை. UFS ஆக இருந்தால் விற்பவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். எழுதாத இடத்தில் பழைய eMMC 5.1 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்குச் சுமார் 300 மெகாபைட் வரை படிக்கும், UFS 2.2 சுமார் 1,000 வரை போகும். செயலி திறப்பதிலும் அப்டேட் ஏறுவதிலும் அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அடுத்து சிப். இரண்டு விளம்பரங்களிலும் ‘ஆக்டா கோர்’ என்றுதான் இருக்கிறது. கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி. எட்டு கோர் என்பது இன்று மலிவுப் போன்களிலும் சாதாரணம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிப்பின் பெயரைத் தேடுங்கள். முதல் போனில் Unisoc T612, இரண்டாவதில் Helio G99. இரண்டிலும் வேகமான கோர்கள் இரண்டே. T612-இல் அவை 1.8 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட பழைய தலைமுறை, G99-இல் 2.2 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட அடுத்த தலைமுறை. முன்னது 12 நானோமீட்டர் முறையில் செய்தது, பின்னது 6. இந்த எண் குறையக் குறையச் சிப் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும். அதனால் அதே வேலைக்கு G99 குறைவாகச் சூடாகும், பேட்டரியும் மெதுவாக இறங்கும்.

கேமராவில் நீங்கள் குழம்ப வேண்டியதே இல்லை. 108 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத் தரும். 50 மெகாபிக்சல் கேமரா நான்கைச் சேர்த்து 12.5 தரும். கைக்கு வரும் படம் ஏறக்குறைய ஒரே அளவுதான். ‘ஏஐ’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். திரையில் மட்டும் முதலாவது 720 x 1600 பிக்சல், இரண்டாவது 1080 x 2400. சிறிய எழுத்து படிக்க அம்மாவுக்கு இரண்டாவதுதான் வசதி.

அப்புறம் விலைக் கணக்கு. பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் பாருங்கள். அந்த ஆண்டுகள் பெரும்பாலும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. உதாரணத்துக்கு, நான்கு ஆண்டு தருவதாகச் சொல்லும் போன் வெளியாகி ஓராண்டு ஆகியிருந்தால் மீதி மூன்று. 3,399-ஐ மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 1,133 ராண்ட். இரண்டு ஆண்டு மட்டுமே தரும் போனும் அதே போல ஓராண்டு பழையது என்றால், 2,999 ராண்டும் ஒரே ஆண்டுக்குப் போய்விடும். வங்கிச் செயலி வைத்திருப்பவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

போன் வந்ததும் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அமைப்புகளில் ‘About phone’ பக்கத்தைத் திறந்து ரேமைப் பாருங்கள். CPU-Z செயலியை ஏற்றினால் சிப்பின் பெயரும் தெரியும். விளம்பரத்தோடு பொருந்தாவிட்டால் உடனே கடைக்கு எழுதுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஆன்லைன் கடையில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.