மூன்று ஸ்ட்ரைக் என்கிறீர்கள், திரையில் இருப்பது இரண்டு

கேள்வி: நான்கு வருடமாக சினிமா விமர்சன யூடியூப் சேனல் நடத்துகிறேன். ஒரு படத்தைக் கழுவி ஊற்றியதால் தயாரிப்புத் தரப்பு பழிவாங்குகிறது. மூன்று ஸ்ட்ரைக் வந்துவிட்டது. இரவில் தூக்கமில்லை. உடனே கவுன்டர் நோட்டிஃபிகேஷன் போட்டு, மானநஷ்ட வழக்கும் தொடுக்கலாமா?

பதில்: பழிவாங்கலை விடுங்கள். அந்தப் படக்காட்சி அவர்களுடையதா, இல்லையா என்பதுதான் கேள்வி. மானநஷ்டத்துக்கு இங்கே இடமே இல்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'Restrictions' பத்தியில் மூன்று வீடியோவுக்கும் 'Copyright' என்றுதான் இருக்கிறது. அதை வைத்து மூன்று என்று எண்ணிவிட்டீர்கள். 'See details' திறந்து பார்த்தால், மூன்றாவது வெறும் கன்டென்ட் ஐடி கிளெய்ம். பின்னணியில் ஓடிய பாட்டுக்காக வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவே. மற்ற இரண்டுதான் ஸ்ட்ரைக், அதாவது உரிமையாளர் கேட்டு வீடியோவே நீக்கப்பட்டவை: மார்ச் 3, ஏப்ரல் 20. ஒவ்வொன்றும் 90 நாள் நிற்கும். யூடியூபின் காப்பிரைட் ஸ்கூல் பாடத்தை முடித்திருந்தால் முதலாவது ஜூன் 1 அன்று காலாவதியாகும், அடுத்தது ஜூலை 19. வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போகாது.

ஆபத்து அந்த மூன்றாவதில்தான். கோபத்தில் பலர் கிளெய்மை மறுத்து, அது தள்ளுபடியானதும் அப்பீலும் போடுவார்கள். எதிர்த்தரப்பு நீக்கக் கோரிக்கை அனுப்பினால் கிளெய்ம் ஸ்ட்ரைக்காகிவிடும். உங்களுக்கு அது மூன்றாவது, சேனல் போய்விடும். ஸ்டுடியோ எடிட்டரிலேயே அந்தப் பாட்டை வெட்டிவிடுங்கள். இன்னொன்று: 90 நாள் என்பது ஸ்ட்ரைக் விழுந்த நாளிலிருந்து. எப்போதோ ஏற்றிய பழைய வீடியோவுக்கும் இன்று ஸ்ட்ரைக் விழலாம். அந்த நிறுவனத்தின் காட்சிகள் உள்ள பழையவற்றை இப்போதே பிரைவேட் ஆக்குங்கள்.

அப்புறம் கவுன்டர் நோட்டிஃபிகேஷன், அதாவது வீடியோவை நீக்கியது தவறு என்று சட்டப்படி கொடுக்கும் மறுப்பு. அதைப் பலர் புகார்ப் பெட்டி மாதிரி நினைக்கிறார்கள். அதில் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அறிந்தே கையெழுத்திடுகிறீர்கள், அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பையும் ஏற்கிறீர்கள். உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். வீடியோ திரும்பாமல் தடுக்க, 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் வழக்குப் போட்டதாக அவர்கள் காட்ட வேண்டும். சும்மா இருந்தவர்களை நீங்களே நீதிமன்றத்துக்கு அனுப்புகிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் வீறாப்பில் இதைப் போட்டார். அந்த முகவரிக்கே வக்கீல் நோட்டீஸ் வந்தது. முழுப் பாட்டு ஓடிய வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவில் விமர்சனத்துக்கு இடம் உண்டுதான். காட்சிமேல் பேசிக்கொண்டே அரை நிமிடம் காட்டியிருந்தால் நானே போடச் சொல்வேன். உங்கள் மார்ச் வீடியோவில் நான்கு நிமிடம் பேச்சே இல்லாமல் காட்சி ஓடுகிறது. அது நிற்காது.

ஆகவே சமரசம்தான். ஸ்ட்ரைக் விவரத்தில் உரிமையாளரின் மின்னஞ்சல் இருக்கும். காட்சியை நீக்கிவிட்டேன், கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். 'திருடிவிட்டேன், மன்னியுங்கள்' என்றெல்லாம் உருக வேண்டாம். அந்த வரியை நாளை மனுவில் இணைப்பார்கள்.